கேள்விக்குறி எங்கே?

என் முதல் மின்னஞ்சலில் நான்கு இடங்களில் மன்னிப்புக் கேட்டிருந்தேன். பேராசிரியரின் நேரத்தை எடுப்பதற்கு ஒன்று. கடிதம் நீண்டுவிட்டதற்கு ஒன்று. தலைப்பு இன்னும் சரியாக அமையாததற்கு ஒன்று. முடிக்கும்போது, எதற்கென்றே இல்லாமல் இன்னொன்று.

ஜேர்மனியில் இளங்கலைப் படிப்பின் கடைசிப் பருவத்தில் ஒரு ஆய்வேடு எழுதவேண்டும். எங்கள் சமூகவியல் துறையில் அதற்கு 12 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. மொத்தம் 360 மணி. ஆனால் மேற்பார்வையாளரை எவரும் ஒதுக்கித் தருவதில்லை. நாமே ஒருவரைத் தெரிவுசெய்து கேட்கவேண்டும். அவர் ஒப்புக்கொண்டு படிவத்தில் கையெழுத்திட்டால்தான் தேர்வு அலுவலகம் ஆய்வேட்டைப் பதிவுசெய்யும். ஆகவே எல்லாம் அந்த ஒரு மின்னஞ்சலில்தான் தொடங்குகிறது.

நான் எழுதியது இதுதான்: உங்கள் வகுப்புகள் எனக்கு மிகவும் பிடிக்கும், பெண்கள், புலம்பெயர்வு, வேலை ஆகியவற்றில் ஆர்வம் உண்டு, நீங்கள் மிகவும் வேலைப்பளுவில் இருப்பீர்கள் என்று தெரியும், வாய்ப்பிருந்தால் மிகவும் மகிழ்வேன். ஒன்பது நாட்கள் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது. ஆர்வத்துக்கு நன்றி, எதை ஆராய விரும்புகிறீர்கள் என்பது இதிலிருந்து விளங்கவில்லை, இந்தப் பருவத்தில் இடங்கள் குறைவு. அவர் மறுத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு கிழமை அதைத் திறந்தும் பார்க்கவில்லை.

அம்மாதான் கண்டுபிடித்தார். அவர் காலை நான்கு மணிக்கு எழும்பி, ஆட்கள் வருமுன் கந்தோர்களைத் துப்புரவு செய்துவிட்டு வருபவர். அன்று வந்து அடுப்படிக் கதிரையில் இருந்தபடி, "ஏன் பிள்ளை முகம் இப்பிடிக் கிடக்கு?" என்றார். சொன்னேன். "நீ என்ன எழுதினனி? வாசி பாப்பம்."

ஜேர்மன் மொழியில் எழுதியதை வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். ஜேர்மனில் பணிவாகத் தெரிந்தது தமிழில் கெஞ்சுவதுபோலக் கேட்டது. முடித்ததும் அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அவர் உனக்கு என்ன செய்ய வேணும் எண்டு இதிலை எங்கை இருக்கு?"

தேடினேன். இல்லை. கடிதம் முழுவதிலும் ஒரு கேள்விக்குறிகூட இல்லை. 'மகிழ்வேன்' என்பது கேள்வி அல்ல. அதை வாசிப்பவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வழியே இல்லை. மறுத்தால் வலிக்கக்கூடாது என்பதற்காகவே நான் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இல்லை. அம்மா அதைக் கவனித்தாரா தெரியாது, நான் கவனித்தேன். பள்ளி விடுமுறைகளில் நானும் அம்மாவுடன் அந்தக் கந்தோர்களுக்குப் போயிருக்கிறேன். நான் எழுத விரும்பியது அந்த வேலையைப் பற்றித்தான். குப்பைக் கூடைகளும் மேசைகளும் எத்தனை நிமிடத்தில் முடியவேண்டும் என்று கணக்கிட்டு வரும் வேலைத்தாளையும், அந்த நேரத்துக்குள் முடிக்க முடியாததைச் சம்பளமில்லாமல் முடித்துவிட்டு வரும் பெண்களையும் எனக்குத் தெரியும். அதைக் கடிதத்தில் 'புலம்பெயர்வு, வேலை' என்ற இரண்டு சொற்களுக்குள் ஒளித்துவிட்டேன். பேராசிரியருக்கு என் தாய் துப்புரவு வேலை செய்கிறார் என்று தெரிந்துவிடுமே என்ற வெட்கம். என்னிடம் இருந்த மிகப் பெரிய தகுதியை நானே வெட்டி எறிந்திருந்தேன்.

அன்றிரவு மறுபடி எழுதினேன். பொருள் வரியில் 'வணக்கம்' என்பதற்குப் பதிலாக 'இளங்கலை ஆய்வேடு, கோடைப் பருவம்: மேற்பார்வைக்கான கோரிக்கை' என்று போட்டேன். தமிழில் சொன்னால் கடிதம் இப்படி இருந்தது:

"மதிப்புக்குரிய பேராசிரியருக்கு, நான் சமூகவியல் ஐந்தாம் பருவ மாணவி. சென்ற ஆண்டு உங்கள் 'உழைப்பும் பால்நிலையும்' கருத்தரங்கில் பங்கெடுத்தேன். ஏப்ரலில் என் ஆய்வேட்டைப் பதிவுசெய்யத் திட்டமிட்டுள்ளேன். அதற்கு முதல் மேற்பார்வையாளராக இருக்க உங்களுக்கு முடியுமா?

என் கேள்வி: கந்தோர்களைத் துப்புரவு செய்யும் தமிழ்ப் பெண்கள், குறித்த நேரத்துக்குள் முடியாத வேலையை என்ன செய்கிறார்கள், அதை எப்படி விளக்குகிறார்கள்? இருபது பெண்களைத் தமிழில் நேர்காண எண்ணுகிறேன். நான் தமிழ் பேசுகிறேன். என் தாய் இந்தத் தொழிலில் இருப்பதால் அவர்களை அணுக முடியும். இரண்டு பக்கத் திட்டத்தை இணைத்துள்ளேன். உங்கள் சந்திப்பு நேரத்தில் இருபது நிமிடம் பேச முடியுமா?"

கீழே பெயர், மாணவர் எண். பல்கலைக்கழக முகவரியிலிருந்தே அனுப்பினேன். மன்னிப்பு ஒன்றுகூட இல்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது மரியாதை இல்லாமல் நடந்துகொண்டதுபோல வயிற்றைப் பிசைந்தது. அனுப்பியவற்றில் போய் இரண்டு தரம் வாசித்தேன். மரியாதைக் குறைவாக அதில் ஒரு சொல்லும் இல்லை.

மறுநாளே பதில் வந்தது. வியாழக்கிழமை பின்னேரம் வரச் சொன்னார்.

அவர் ஒப்புக்கொண்டார், ஆனால் திட்டத்தை அப்படியே விடவில்லை. ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க ஏறத்தாழ ஆறு மணி எடுக்கும் என்றார். இருபது நேர்காணல் என்றால் 120 மணி. முழு ஆய்வேட்டுக்குரிய நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். அதன்மேல் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. ஐந்து போதும் என்று குறைத்தோம். தனக்குத் தமிழ் தெரியாததால் மேற்கோள்களைக் கட்டுரைக்குள் ஜேர்மனில் தரவேண்டும், மூலத்தைப் பின்னிணைப்பில் சேர்க்கவேண்டும் என்றார். நான் யோசிக்காத விடயம் அது. பிறகு, "உங்கள் தாயை நேர்காண்பீர்களா?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன். சரி, ஆனால் இந்த நெருக்கம் நீங்கள் கேட்பதையும் அவர்கள் சொல்வதையும் எப்படி மாற்றுகிறது என்று ஒரு பகுதி எழுதவேண்டும் என்றார். நான் வெட்கப்பட்டு மறைத்தது ஆய்வேட்டில் நான்கு பக்கமாக வந்தது.

அவர் அந்தக் கிழமை நல்ல மனநிலையில் இருந்ததால் ஒப்புக்கொண்டார் என்று நினைப்பதற்கும் இடமுண்டு. இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். இடம் நிரம்பியிருந்தால், ஆய்வு விடுப்பில் இருந்தால், எவ்வளவு நல்ல கடிதத்துக்கும் அதுதான் பதில். ஆனால் தெளிவாகக் கேட்ட கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் அடுத்த நாளே வேறொருவரிடம் போகலாம். கேட்காத கேள்விக்கு வந்த மூன்று வரியோடு நான் ஒரு கிழமை படுத்திருந்தேன். பதிவுக்கு நாள் குறித்திருக்கும்போது ஒரு கிழமை சின்ன விடயம் அல்ல.

பதிவுப் படிவத்தை அம்மாவிடம் காட்டினேன். கையெழுத்தைப் பார்த்தார். "கேட்டதுக்குத்தானே தந்திருக்கிறார்" என்றுவிட்டுப் படுக்கப் போனார். அடுத்த நாளும் நான்கு மணிக்கு எழும்பவேண்டும்.

இப்போது எனக்குப் பின்னால் படிக்கும் பெண்பிள்ளைகள் சிலர் தங்கள் மின்னஞ்சலை அனுப்புமுன் எனக்குக் காட்டுகிறார்கள். நான் மொழிப்பிழை பார்ப்பதில்லை. முதலில் கேள்விக்குறியைத் தேடுகிறேன். பிறகு, நீ யாரென்று எழுதாமல் விட்டது எது என்று கேட்கிறேன். அநேகமாக இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவர்களுக்கு நேரமெடுக்கிறது.