ஏரிக்கரைப் படத்தில் ஒரு கறை

அண்ணி போன மாதம் ஒரு பழைய கலர்ப் படத்தைக் கொடுத்தனுப்பினார்கள். 1982இல் கோடைக்கானல் ஏரிக்கரையில் எடுத்தது. அண்ணி, அவர்கள் பிள்ளைகள் இருவர், நான், என் மனைவி என்று ஐந்து பேர் நிற்கிறோம். பின்னால் ஏரி. படம் எடுத்தது அண்ணன். எங்கள் வீட்டில் எந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாலும் இதே கதைதான். கேமரா அவர் கையில் இருக்கும், அதனால் படத்தில் அவர் இருக்கமாட்டார்.

“எல்லாரும் இருக்கோம், அவரு மட்டும் இல்லையே தம்பி. வலது பக்கம் எடம் காலியா கெடக்கு பாருங்க, அங்க அவரை நிறுத்திக் குடுங்களேன்” என்று போனில் சொன்னார்கள். ஓய்வு பெற்ற பிறகு பொழுதுபோக்காக நான் கணினியில் பழைய படங்களைச் சரிசெய்வது அவர்களுக்குத் தெரியும்.

சரியென்று உட்கார்ந்தேன். முதல் வேலையாக, அண்ணன் நிற்கவேண்டிய இடத்தில் தரையில் ஒரு கருத்த கறை இருந்ததே, அதைத் துடைத்தேன். ஈரம் பட்டு ஏறிய கறை என்று நினைத்தேன். பக்கத்து மண்ணை எடுத்து அதன்மேல் பூசினேன், மறைந்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அண்ணன் தனியாக நிற்கும் முழு உருவப் படம் ஒன்றே ஒன்று கிடைத்தது. புதுச்சேரி கடற்கரையில், கடலுக்கு முதுகு காட்டி, ஒரு ஜனவரி மாலையில் நிற்கிறார். அவரை மட்டும் வெட்டியெடுத்து ஏரிக்கரையில் வைத்தேன். அட்டையில் வெட்டி ஒட்டிய சினிமா நடிகர் போல நின்றார். வெட்டிய ஓரம் சரியாகத்தான் இருந்தது. எங்கே தப்பு என்று அன்று இரவு முழுக்கப் பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் எதையும் தொடாமல் கோடைப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தேன். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை மூக்கின் நிழல்தான் முதலில் சொல்லும். ஐந்து பேருக்கும் மூக்கு நிழல் படத்தின் வலப்பக்கம் கீழே சரிந்திருந்தது. எங்கள் நிழல்களும் எங்களுக்குப் பின்னால் வலப்பக்கம் சாய்ந்து கிடந்தன. அப்படியானால் சூரியன் கேமராவுக்குப் பின்னால், கொஞ்சம் இடப்பக்கம். நாங்கள் நின்றது கிழக்குக் கரை, பின்னால் ஏரி என்றால் கேமரா மேற்கே பார்க்கிறது. ஆகவே அது காலை நேரம். கடற்கரைப் படத்தில் அண்ணனுக்கு மூக்கு நிழல் இடப்பக்கம் விழுந்திருந்தது. ஊர்ப் பக்கமிருந்து வந்த மாலை வெயில், வலப்பக்கச் சூரியன். ஐந்து பேருக்கு ஒரு சூரியன், ஆறாவது ஆளுக்கு மட்டும் வேறொரு சூரியன். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் கண் ஒப்புக்கொள்ளாது.

கண்ணாடியில் தெரிவதுபோல அண்ணனைத் திருப்பிப் போட்டால் போயிற்று என்று போட்டேன். நிழல் சரியானது, சட்டைப்பை வலது மார்புக்குப் போய்விட்டது. கைக்கடிகாரம் வலது கைக்கு வந்துவிட்டது. அண்ணி அதை அரை நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது நிறம். பழைய கலர்ப் படம் என்பதால் மொத்தமும் சிவப்பேறிக் கிடந்தது. அந்தக் காலத்து அச்சில் நீலப்பச்சைச் சாயம்தான் பெரும்பாலும் முதலில் வெளுக்கும், மிச்சம் சிவப்பாகத் தெரியும். அந்தச் சிவப்பை வெயிலின் நிறம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் கட்டியிருந்த வெள்ளை வேட்டிதான் உதவியது. வேட்டியில் வெயில் படும் பக்கம் ஒன்று, மடிப்பின் நிழல் பக்கம் ஒன்று. இரண்டிலும் பொதுவாக இருக்கும் சிவப்பு படத்தின் வயது. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் அன்றைய வெளிச்சம். வயதை நீக்கிப் பார்த்தபோது வெயில் பக்கம் இளமஞ்சள், நிழல் பக்கம் நல்ல நீலம். நிழலுக்குள் வெளிச்சம் தருவது வானம்தானே. ஏழாயிரம் அடி உயரத்தில், மூடுபனி ஏறாத காலையில், வானம் அத்தனை நீலமாக இருக்கும். சென்னையிலிருந்த வானாய்வகத்தை 1899இல் சூரியனைப் பார்க்கக் கோடைக்கானலுக்குக் கொண்டுபோனவர்கள் தெளிவான காற்றைத் தேடித்தான் போனார்கள். கடற்கரை அண்ணன் மீதோ மாலை வெயிலின் ஆரஞ்சு நிறம், நிழலில் புழுதி கலந்த சாம்பல்.

நிறத்தைக் கொஞ்சம் மாற்றிவிடலாம். நிழலின் கெட்டித்தன்மைதான் விடாது. வெயில் நிழலுக்குக் கூரான ஓரம் உண்டு, மூடுபனியில் ஓரமே இருக்காது. அதனால் கடும் வெயிலில் எடுத்த ஆளைப் பனிக்குள் நிறுத்தவே முடியாது, கருத்துப்போன கண்குழியில் திரும்பக் கொண்டுவர எதுவும் பதிந்திருக்காது. நல்லவேளை, இரண்டு படமும் வெயில். ஆனால் தரையில் அண்ணனுக்கு நான் ஒரு நிழல் வரையவேண்டும். வெயில் நிழலும் முழுக்கக் கூராக இருப்பதில்லை. சூரியன் ஒரு புள்ளி இல்லை, வட்டம். அதனால் நிழலைப் போடும் பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்தத் தூரத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு அகலத்துக்கு ஓரம் மங்கும். காலடியில் நிழல் கத்தி வெட்டியதுபோல இருக்கும், தலை நிழலில் ஓரம் கரையும். வாசலில் காலை வெயிலில் நின்று பாருங்கள், தெரியும்.

இதைச் சரிபார்க்க, கை படாத மூலப் படத்தைத் திரும்பத் திறந்தேன். அப்போதுதான் அந்தக் கறையைச் சரியாகப் பார்த்தேன். அதன் ஓரம் மங்கலாக இருந்தது, அதனால்தான் நிழல் என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்த பையனின் செருப்பை அளவாக வைத்துப் பார்த்தேன். மங்கல் ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. நூறால் பெருக்கினால் பன்னிரண்டு, பதின்மூன்று அடி. கறையின் நிறமும் என் வேட்டி மடிப்பில் இருந்த அதே நீலம். ஈரக் கறை நீலமாக இருக்காது. சூரியன் கேமராவுக்குப் பின்னால், கொஞ்சம் இடப்பக்கம் என்று ஏற்கெனவே தெரிந்ததே. அந்த நிழலைப் போட்டது எங்களில் யாரும் இல்லை, எங்கள் நிழல் பின்னால் போகிறது. பன்னிரண்டு அடி தள்ளி, கேமரா இருந்த இடத்தில் நின்றவருடையது அது.

பெரிதாக்கினேன். உருண்டையாகத் தலை, சரிந்த தோள், வெளியே நீட்டிய ஒரு முக்கோணம். முழங்கை.

அதைத்தான் முந்தின நாள் மண்ணைப் பூசி அழித்திருந்தேன். கொஞ்ச நேரம் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

நிறத்தை மட்டும் சரிசெய்த மூலப் படத்தை எடுத்துக்கொண்டு சாயங்காலம் அண்ணி வீட்டுக்குப் போனேன். ஒன்றும் சொல்லாமல் கீழே வலது மூலையில் விரலை வைத்துக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார்கள்.

“கேமராவப் பிடிச்சா வலது கை இப்படித்தான் கோணிக்கிட்டு நிக்கும் அவருக்கு. பக்கத்துல நிக்கிறவங்கள இடிப்பாரு” என்றார்கள். பிறகு, “ஒட்ட வேணாம் தம்பி. இதையே பெருசாப் போட்டுக் குடுங்க” என்றார்கள்.

சட்டம் போடுகிறவர்கள் ஓரத்தில் அரை அங்குலம் வெட்டுவது வழக்கம். படத்தின் பின்புறம் சிவப்பு மையில் பெரிய எழுத்தில் ‘கீழ்ப்பக்கம் வெட்டக் கூடாது’ என்று எழுதி, அதைக் கடைக்காரரிடம் வாயாலும் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.