நுரையும் இரண்டு வண்ணக் கட்டங்களும்

போன சித்திரையில் ஒருநாள் காலை, சிறுநீரில் நுரை நிற்பதைக் கவனித்தேன். வெயில் காலம், தண்ணீர் குறைவாகக் குடித்திருப்பேன் என்று விட்டுவிட்டேன். நன்றாகத் தண்ணீர் குடித்தும் நான்கைந்து நாள் அப்படியே இருந்தது. கழிப்பறை கழுவும் திரவத்தின் மிச்சமோ என்ற சந்தேகத்தில், கழுவிக் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். வேகமாக விழுந்தால் வரும் பெரிய குமிழிகள் அரை நிமிடத்தில் உடைந்துவிடும். இது பொடி நுரை. பத்து நிமிடம் கழித்தும் படிந்து நின்றது. முட்டையின் வெள்ளைக்கருவை அடித்தால் நுரை நிற்கிறதே, அதே காரணம்தான். புரதம் கலந்த நீரில் நுரை எளிதில் கலையாது.

முப்பது வருடம் வேதியியல் வாத்தியாராக இருந்தவனுக்குச் சும்மா இருக்க முடியுமா? மெடிக்கலில் புரதம், சர்க்கரை இரண்டையும் காட்டும் ஸ்ட்ரிப் டப்பா ஒன்று வாங்கி வந்தேன். முதலில் கொஞ்சம் விட்டு, நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்து, ஸ்ட்ரிப்பை ஒரு நொடி நனைத்து, ஓரத்தில் வழித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். சர்க்கரைக் கட்டத்தை 30 நொடியிலும், புரதக் கட்டத்தை 60 நொடியிலும் டப்பாவில் உள்ள வண்ணங்களோடு ஒப்பிட வேண்டும். தாமதித்துப் பார்த்தால் நிறம் ஏறிப் பொய் சொல்லும். டப்பாவை மூடாமல் குளியலறையில் வைத்தால் ஈரம் பட்டு ஸ்ட்ரிப்பே கெட்டுவிடும்.

சர்க்கரைக் கட்டம் கடைசி நிறத்துக்கே போய்விட்டது. கல்லூரி ஆய்வகத்தில் பெனடிக்ட் கரைசல் நீலத்திலிருந்து செங்கல் சிவப்பானது நினைவுக்கு வந்தது. பதறிப்போய், அன்று இரவு ஒரு சர்க்கரை மாத்திரையைக் கூடுதலாகப் போடப் போனேன். "ஏங்க, டாக்டரைக் கேட்காம போடாதீங்க" என்று என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். அது நல்லதாகப் போயிற்று.

மறுநாள் டாக்டர் என் மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், நீங்க சாப்பிடுற டாபாகிளிஃப்ளோசின் வேலையே சர்க்கரையைச் சிறுநீர் வழியா வெளியே தள்ளுறதுதான். இதைச் சாப்பிடுறவங்களுக்கு அந்தக் கட்டம் எப்பவும் நிறம் மாறும். இரத்தத்துல எவ்வளவுன்னுதான் பார்க்கணும்." பார்த்தபோது வழக்கம்போலவே இருந்தது. முந்தைய இரவு கூடுதல் மாத்திரை போட்டிருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கியிருப்பேன்.

ஆனால் புரதக் கட்டத்தைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. மஞ்சள், இளம்பச்சையாகி ஒரு பிளஸ் காட்டியிருந்தது. ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் என்று பொருள். காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று இருந்தாலும் இது தற்காலிகமாக வரலாம். சிறுநீர் அடர்த்தியாக இருந்தால் ஒரு பிளஸ் பெரிதாகத் தோன்றும். நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் இருக்கும் புரதமும் மறைந்துவிடும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, காலையில் முதலில் போகும் சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் பார்க்கச் சொன்னார். கூடவே இரத்தத்தில் கிரியேட்டினினும்.

விகிதம் 30-க்குக் கீழ் இருக்க வேண்டும். எனக்கு 110. "மூணு மாசம் கழிச்சும் இப்படியே இருந்தாதான் சிறுநீரகப் பாதிப்புன்னு சொல்வோம்" என்றார். மூன்று மாதம் கழித்து 96. இரத்த அழுத்த மாத்திரையை டெல்மிசார்டனாக மாற்றினார். அது அழுத்தத்தோடு புரதக் கசிவையும் குறைக்குமாம். இரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் மறுபடி பார்த்தார். முழங்கால் வலிக்கு நானாக வாங்கிப் போட்டுவந்த மாத்திரைக்கும் தடை விழுந்தது.

இதைப் பற்றிப் படித்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. சென்னையில் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி நிறுவிய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், 1990களில் அருகிலுள்ள கிராமங்களில் வீடு வீடாகச் சிறுநீர் பரிசோதித்தது. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, புரதத்துக்கு சல்போசாலிசிலிக் அமிலம், சர்க்கரைக்கு நம் பழைய பெனடிக்ட் கரைசல், கூடவே இரத்த அழுத்தம். விலை மலிவான மாத்திரைகளால் சர்க்கரையையும் அழுத்தத்தையும் கட்டுப்படுத்தினார்கள். டயாலிசிஸ் வரை போகாமல் தடுப்பதே நோக்கம்.

நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான். கண்ணுக்குத் தெரியும் நுரையும் ஸ்ட்ரிப்பும் தாமதமாகச் சொல்பவை. ஆரம்பக் கசிவு இருக்கும்போது இரண்டும் பேசாமலே இருக்கலாம். ஆகையால் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், நுரை இல்லாவிட்டாலும் வருடம் ஒருமுறை அந்த விகிதத்தையும் கிரியேட்டினினையும் பார்த்துவிடுங்கள். நுரை ஒரு வாரம் நின்றாலோ, ஸ்ட்ரிப் இரண்டு முறை பச்சை காட்டினாலோ டாக்டரிடம் போங்கள். கால், முகம் வீங்கினாலோ, சிறுநீர் சிவந்தாலோ அன்றைக்கே போங்கள்.

என் ஸ்ட்ரிப் டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது. சர்க்கரைக் கட்டத்தை நான் இப்போது பார்ப்பதில்லை.