ஒட்டுப்போட்ட ரியூப்

"அப்பா கேட்டவர்" என்று அம்மா சொன்னால்தான், அப்பா எங்களைப் பற்றி யோசித்திருக்கிறார் என்பதே எங்களுக்குத் தெரியவரும். காய்ச்சல் விட்டிட்டுதோ, ரியூசன் காசு கட்டியாச்சோ, சோதனை எப்ப. எல்லாம் அம்மா வழியாகத்தான் வரும். பதிலும் அந்த வழியாகவே திரும்பிப் போகும். இப்போது தொலைபேசியிலும் இதே கதைதான். தப்பித்தவறி அப்பா எடுத்துவிட்டால், "ஓம், இந்தா அம்மாட்டக் குடுக்கிறன்" என்பார்.

நாங்கள் மூன்று பேர். பக்கத்து வீட்டு மாமா தன் மகளை "என்ர குஞ்சு" என்று கூப்பிடுகிற சத்தம் வேலிக்கு இங்கால கேட்கும். அந்த நேரம் நாங்கள் ஆளை ஆள் பார்க்கமாட்டோம். எங்களை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே, என்ன பிழை செய்துவிட்டோம் என்றுதான் முதலில் யோசிப்போம்.

அப்பா மேசன் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் நிற்பார். அன்று காலையிலேயே எங்கள் மூன்று சைக்கிள்களும் வேப்பமரத்தடியில் தலைகீழாக நிற்கும். எங்கள் ஒழுங்கை முழுக்க நெருஞ்சி முள். கிழமைக்கு ஒருவருக்காவது காத்துப் போகும். அப்பா ரயரைக் கழற்றி, ரியூபை உருவி, காத்தடித்து, பேசினில் தண்ணீர் விட்டு அமத்துவார். குமிழி வருகிற இடத்தைப் பென்சிலால் வட்டம் போடுவார். அந்த இடத்தை மண்தாளால் உரஞ்சி, சொலூசன் பூசி, பிறகு சும்மா இருப்பார். எங்களுக்கு அந்த இடம்தான் பொறுக்காது. உடனே துண்டை வைத்து ஒட்டப் போவோம்.

"காயட்டும். ஈரத்தில ஒட்டினா ரெண்டு நாளில கழண்டிடும்."

அப்பா எங்களோடு பேசிய மிக நீளமான வசனங்களில் அதுவும் ஒன்று. ஒட்டின பிறகும் விடமாட்டார். ரயருக்கு உள்பக்கம் விரலால் சுற்றித் தடவிப் பார்ப்பார். முள் உள்ளேயே இருந்தால் புது ஒட்டும் வீண்தானே. சீமெந்தில் காய்த்துப்போன அந்த விரல்களுக்கு முள் தெரியுமோ என்று எங்களுக்குச் சந்தேகம். ஒருநாளும் தப்பவிட்டதில்லை.

எங்களில் மூத்தவளுக்கு ஏஎல் முடிவு வந்த நாள் வீடு முழுக்கச் சனம். அப்பா வேலையால் வந்தார், முடிவைக் கேட்டார், "ம்" என்றார், திரும்பவும் வெளியே போய்விட்டார். அக்கா அன்று இரவு அழுதாள். ஒரு சொல், ஒரே ஒரு "கெட்டிக்காரி" போதும் என்றாள். விடிய எழும்பிப் பார்த்தால் அவளுடைய சைக்கிளுக்கு இரண்டு புது ரயர். கம்பசுக்குப் பேராதனை போகப் போகிறவளுக்குச் சைக்கிள் ரயர் எதற்கு என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு வேறு எதுவும் செய்யத் தெரிந்திருக்கவில்லை.

ஒருமுறை அத்தைதான் சொன்னா. 1995 இடப்பெயர்வில், மழைக்குள், அப்பம்மாவைக் கரியரில் இருத்தி நாவற்குழிப் பாலம் கடந்து அப்பா சைக்கிளை உருட்டினவராம். பாதி வழியில் காத்துப் போய்விட்டது. ஒட்ட வழியில்லை. வெறும் றிம்மில் உருட்டினவராம். அப்பா இதை எங்களுக்குச் சொன்னதே இல்லை. பேசினில் வருகிற குமிழியை அவர் ஏன் அவ்வளவு கவனமாகப் பார்ப்பார் என்று அதற்குப் பிறகு கொஞ்சம் விளங்கியது.

விளங்கியதால் ஆசை போய்விடவில்லை. 'அதுதான் அவருடைய அன்பு' என்று பெரியாக்கள் சொல்லும்போது தலையாட்டுவோம். அது உண்மைதான். ஆனாலும் புது ரயர் ஒருநாளும் "குஞ்சு" என்று கூப்பிடாது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. நாங்களும் அவரிடம் ஒன்றும் சொன்னதில்லை. சம்பளம் எடுத்தால் அம்மாவின் கணக்குக்குப் போட்டுவிட்டு, "அப்பாட்டச் சொல்லுங்கோ" என்போம்.

2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற காலம், அப்பா மோட்டார் சைக்கிளை மூடி வைத்துவிட்டு பழைய லுமாலாவை எடுத்தார். நாங்கள் ஊருக்குப் போன அன்று அதற்குக் காத்தில்லை. அப்பா வேலைக்களைப்பில் படுத்திருந்தார். நாங்களே கழற்றினோம், உரஞ்சினோம், பூசினோம். காயும்வரை சும்மா இருந்தோம்.

பின்னேரம் அப்பா எழும்பி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ரயருக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"சாப்பிட்டிட்டியளோ?"

அம்மா குசினிக்குள் இருந்தா. அப்பா எங்களிடமே கேட்டார்.