ஐந்து மீட்டர்

கோப்பை இப்போது கோல் கம்பத்துக்குப் பின்னால், ஷின் கார்டுகள் குவிந்து கிடக்கும் கோணிச்சாக்கின் மேல் நிற்கிறது. ஒரு கைப்பிடியில் யாரோ ஒரு பையனின் துண்டு காய்கிறது. திருநகரில் வெயில் தாழ்கிற நேரம். திருமங்கலம் சாலையில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. நான் வழக்கமாக உட்காரும் வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றரை வருஷமாக இதே கல்தான். நடக்க வந்தவன் நடையை விட்டுவிட்டு இந்த ஹாக்கிப் பையன்களைப் பார்க்க ஆரம்பித்தேன். இன்றுவரை இவர்களில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நேற்று பதினாறு வயதுக்குட்பட்டோர் இறுதிப் போட்டியில் ஜெயித்துவிட்டார்கள். ஒன்றுக்குப் பூஜ்யம். அதனால் இன்று மைதானத்தில் ஆட்டக்காரர்களைவிட வாழ்த்த வந்தவர்கள் அதிகம்.

பயிற்சியாளர் நடுக்கோட்டருகே நிற்கிறார். ஒல்லியான உடம்பு, வெளுத்த டிராக் பேன்ட், கழுத்தில் விசில். யாரோ போர்த்திய பொன்னாடையை நாலாக மடித்து இடது கையில் வைத்திருக்கிறார். கோல்கீப்பரின் அம்மா அல்வாப் பொட்டலம் நீட்டுகிறார். "சார், இவன் வீட்ல ஒரு இடத்துல உட்கார மாட்டான். நீங்க எப்படித்தான் நிக்க வச்சீங்களோ!" அவர் பொட்டலத்தை வாங்கி அந்தப் பையன் கையிலேயே கொடுத்துப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார். பைக்கில் வந்த இருவர் கைகுலுக்குகிறார்கள். "அந்தக் கோல் இருக்கே சார்... என்னா அடி!" எல்லாரும் அந்த அடியைத்தான் சொல்கிறார்கள். அடித்த பையனை ஒருவர் தோளில் தூக்கிவிட்டார். அவன் வெட்கத்தில் நெளிகிறான்.

அவருக்குச் சந்தோஷம் இல்லாமலில்லை. ஆனால் வாழ்த்து ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு அவருடைய கண் அங்கிட்டுப் போகிறது, மைதான மூலையில் தனியாக ஸ்டிக்கில் பந்தை உருட்டிக்கொண்டிருக்கும் ஒரு கறுத்த, குட்டையான பையனிடம். அவனைத் தூக்க யாரும் வரவில்லை. அவன்தான் ஸ்டாப்பர்.

நேற்று நானும் போயிருந்தேன். அந்தக் கோல் எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் அவர் கண் ஏன் அங்கே போகிறது என்று புரியும்.

மூன்றாவது கால் பகுதி. எதிரணியின் இருபத்து மூன்று மீட்டர் கோட்டுக்கு உள்ளே நம் பையன்களுக்கு ஒரு ஃப்ரீ ஹிட். ஹாக்கியில் ஃப்ரீ ஹிட் எடுக்கும்போது எதிராளி பந்திலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். எடுப்பவன் அடிக்கவும் செய்யலாம், தானே தட்டிக்கொண்டு ஓடவும் செய்யலாம். அவன் தயாரானதும் ஆட்டம் தொடங்கிவிடும். எதிரணிப் பையன் இரண்டு மீட்டரிலேயே நின்றுகொண்டு, நடுவரைப் பார்த்துக் கையை விரித்து ஏதோ வாதாடினான். நம் பையன் பந்தைத் தொட்டதும் ஸ்டிக்கை நீட்டித் தட்டிவிட்டான். விசில். வேண்டுமென்றே செய்தது, அதுவும் அந்தக் கோட்டுக்குள்ளே. அதனால் பெனால்டி கார்னர். கூடவே பச்சை அட்டை, இரண்டு நிமிஷம் வெளியே.

பெனால்டி கார்னரில் பந்து பின்கோட்டிலிருந்து, சர்க்கிளுக்கு வெளியே நிற்பவர்களிடம் தள்ளப்படும். பந்து சர்க்கிளைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் கோலுக்கு அடிக்க முடியும். வேகமாக வரும் அந்தப் பந்தை ஒருவன் அசையாமல் நிறுத்த வேண்டும். அரை அடி துள்ளினாலும் போச்சு, அடிப்பவனின் காலடி தப்பிவிடும்; அதற்குள் எதிரணியின் முதல் ஆள் ஓடி வந்துவிடுவான். குட்டைப் பையன் முட்டியை மடக்கிக் குனிந்து, ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவைத்தான். பந்து வந்து, ஈரத்துணியில் விழுந்த மாதிரி நின்றது. அடித்தவன் நேராக அடித்தான். முதல் ஷாட் ஹிட்டாக இருந்தால் கோல் பலகையின் உயரத்துக்கு மேலே போகக் கூடாது. இது பலகையிலேயே பட்டது. அந்த 'டங்' சத்தம் மைதானம் பூராவும் கேட்டது.

அடி ஒரு நொடி. நிறுத்தியதற்குப் பின்னால் பதினெட்டு மாதம் இருக்கிறது. அதில் பாதிக்குமேல் இந்தக் கல்லில் இருந்து நான் பார்த்தது.

முதல் நாலு மாதம் அவர் கோலுக்கு அடிக்கவே விடவில்லை. பையன்கள் இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நின்று, பந்தைத் தள்ளுவதும் நிறுத்துவதும்தான் வேலை. இது மண்தரை. சின்னக் கல்லில் பட்டாலே பந்து திசை மாறும், துள்ளும். பந்து துள்ளி முழங்காலில் பட்டவர்கள் முனகினார்கள். அவர் கத்தியதில்லை. பக்கத்தில் போய் ஸ்டிக்கைத் தொட்டுச் சரிசெய்வார். மேல்முனை பந்து வரும் பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் பந்து ஸ்டிக்கில் ஏறித் துள்ளிவிடும். இடது கை இறுக்கம், வலது கை தளர்வு. "பந்தைப் புடிக்காதடா, வாங்கிக்க," என்று ஒருநாள் சொன்னது காற்றில் வந்தது. வலது கை இறுகினால் மட்டையில் பட்ட பந்து திரும்பி ஓடும் என்பதை அதற்குப் பிறகுதான் நானும் கவனித்தேன். பிசகு எங்கே என்று கண்டுபிடிக்க அவர் பந்தைப் பார்க்கவே மாட்டார். சத்தத்தைக் கேட்பார். 'டக்' என்றால் கை இறுக்கம். 'தப்' என்றால் சரி.

அந்த நாலு மாதத்தில் ஆறேழு பேர் நின்றுவிட்டார்கள். கிரிக்கெட் பக்கம் போனார்கள், டியூஷன் பக்கம் போனார்கள். ஒரு தகப்பனார் வந்து, "மேட்ச் எப்ப சார் வைப்பீங்க?" என்று சடைத்துக்கொண்டார். "வைப்போம்ணே," என்றார். அவ்வளவுதான்.

இன்னொரு பாடமும் இருந்தது, அதை நான் புரிந்துகொள்ளவே வெகுநாள் ஆனது. ஆட்டத்துக்கு நடுவே திடீரென்று விசில் அடிப்பார். அடித்ததும் எதிர்ப்பக்கத்துப் பையன்கள் பின்னால் ஓடிப் போய் நிற்க வேண்டும். யாரும் வாய் திறக்கக் கூடாது. ஃபௌலா இல்லையா, யார் காலில் பட்டது என்ற பேச்சே கிடையாது. சில சமயம் வேண்டுமென்றே தப்பான ஃபௌல் கொடுப்பார். ஒருவன் "சார், என் கால்ல படல!" என்பான். அவன் இரண்டு நிமிஷம் வெளியே. அந்த இரண்டு நிமிஷமும் அவன் பக்கத்தில் ஆள் குறைவாகவே ஆடுவார்கள். ஐந்து மீட்டர் எவ்வளவு என்று அவர் டேப் வைத்துச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினார். பிறகு கோட்டை அழித்துவிட்டு ஒவ்வொருவனையும் எண்ணச் சொன்னார். நெட்டையனுக்கு ஐந்து எட்டு. குட்டைப் பையனுக்கு ஆறரை. அவனவன் எண்ணிக்கை அவனவன் காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2025 நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்ததே, அப்போது இவர்களை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். இந்தியா சுவிட்சர்லாந்தை ஐந்துக்குப் பூஜ்யம் என்று ஜெயித்த ஆட்டம். மறுநாள் பையன்கள் கோல்களைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "விசில் அடிச்ச உடனே அவுங்க கால் எங்கிட்டுப் போச்சு, பாத்தீங்களா?" ஒருவன் மட்டும் பார்த்திருந்தான்.

அந்த இந்திய அணிக்குப் பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ். அரையிறுதியில் ஜெர்மனியிடம் ஐந்துக்கு ஒன்று என்று தோற்றார்கள். மூன்றாமிட ஆட்டத்தில் அர்ஜென்டினாவுக்கு எதிராக இரண்டு கோல் பின்தங்கி, கடைசிக் கால் பகுதியில் நாலு கோல் போட்டு வெண்கலம் வாங்கினார்கள். ஆட்டத்தைப் பார்த்தபோது எனக்கு ஹரேந்திர சிங் ஞாபகம் வந்தார். 2005இல் ராட்டர்டாம் ஜூனியர் உலகக் கோப்பையில் அவர் பயிற்றுவித்த அணி ஸ்பெயினிடம் வெண்கலத்தைப் பறிகொடுத்தது. பதினோரு வருஷம் கழித்து, 2016 டிசம்பர் 18 அன்று லக்னோவில், பெல்ஜியத்தை இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்து அதே கோப்பையை அவர் பையன்கள் தூக்கினார்கள். இந்தியாவின் இரண்டு கோலும் இருபத்து இரண்டாவது நிமிஷத்துக்குள் வந்துவிட்டன. மிச்சமிருந்த நாற்பத்தெட்டு நிமிஷமும் காத்து ஆடியதுதான் அந்த வெற்றி. பெல்ஜியம் அடித்த ஒரே கோல் எழுபதாவது நிமிஷத்தில். ஊர் பேசுவது அந்த முதல் இருபத்திரண்டு நிமிஷத்தை.

இருட்டத் தொடங்கிவிட்டது. வாழ்த்த வந்தவர்கள் கலைகிறார்கள். அப்போது வேட்டி கட்டிய ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார். கணுக்காலுக்கு மேலே பழைய தழும்பு, ஷின் கார்டு இல்லாத காலத்தில் ஆடியவர் என்று தெரிகிறது. கைகுலுக்கவில்லை. சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கோப்பையைப் பார்க்கிறார்.

"நேத்து நாலு குவார்ட்டரும் பாத்தேன் தம்பி."

"வாங்கண்ணே."

"அந்த ரெண்டாவது ஃபௌலு நம்ம மேல சொன்னது சுத்தத் தப்பு. பந்து அவன் கால்லதான் பட்டுச்சு."

"ஆமாண்ணே."

"நம்ம பய ஒருத்தனும் வாயத் தொறக்கல. திரும்பிப் பாக்காமப் பின்னால ஓடுனான். நாலு குவார்ட்டர்ல ஒரு கார்டுகூட வாங்கலையேப்பா."

பயிற்சியாளர் பதில் சொல்லவில்லை. மடித்து வைத்திருந்த பொன்னாடையை இன்னொரு கைக்கு மாற்றினார். விசிலை எடுத்து உதட்டில் வைத்து, ஊதாமல் இறக்கினார். அவர் கண் பளபளத்ததை நான் இங்கிருந்தே பார்த்தேன்.

பெரியவர் மூலைப் பையனைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவன் தயங்கித் தயங்கி வந்தான். அவன் தோளைத் தொடாமல் ஸ்டிக்கை வாங்கி, வெளிச்சம் இருந்த பக்கம் திருப்பி, வளைவின் தட்டைப் பக்கத்தில் பந்து தேய்ந்த தடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். "எல்லாம் ஒரே எடத்துல பட்டிருக்கு," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பையன் அந்த இடத்தைத் தானும் தடவிப் பார்த்துக்கொண்டான்.

பந்துகளை எண்ணிச் சாக்கில் போடுகிறார்கள். ஒன்று குறைகிறது. வேலிப் பக்கம் தேட இருவர் ஓடுகிறார்கள். அணியில் இன்னும் சேராத ஒரு பொடியன், எட்டு வயதிருக்கும், பெரியவர்கள் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது கோப்பைக்கு முதுகைக் காட்டி நின்று, உதட்டை இறுக மூடிக்கொண்டு நடக்கிறான். விரலை மடக்கி எண்ணுகிறான். நிற்கிறான், திரும்பித் தூரத்தைப் பார்க்கிறான், இன்னும் ஒரு எட்டு வைக்கிறான்.

"உனக்கு எத்தனைடா?" என்று பயிற்சியாளரின் குரல் கேட்கிறது.

"எட்டு சார்."

"நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு வா. டேப் வச்சுப் பாப்போம்."