யாருடைய பார்ட்டி?

கொரோனா அடங்கி கோவையில் மனை வியாபாரம் மறுபடி சூடுபிடித்திருந்த 2022-இல் என்னிடம் வந்த விவகாரம் இது. சரவணம்பட்டிப் பக்கம் சின்ன ரியல் எஸ்டேட் அலுவலகம் நடத்தும் ஒருவர், முன்பு தன்னிடம் வேலை பார்த்த பையனிடமிருந்து வந்த வக்கீல் நோட்டீஸை மேசைமேல் வைத்தார். அவருக்குக் கீழே ஊழியர்கள் நாலே பேர். மறுவிற்பனை வீடுகள், மனைகள், ஒன்றிரண்டு பில்டர்களின் அடுக்குமாடிகள், இவைதான் தொழில்.

"ஏனுங்க வக்கீல் சார், வேலையை உட்டுப் போனவனுக்கு எதுக்குங்க கமிஷன்?" என்றார்.

கமிஷன் விதிகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டேன். செல்போனை நீட்டினார். ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் தட்டிவிட்ட நாலு வரி: 'மூணு மாசத்துல 5 லட்சம் வரை 30 சதவீதம். அதுக்கு மேல போனா 40. பத்திரம் முடிஞ்சதும் கமிஷன். மாசம் 15,000 முன்பணம், கமிஷன்ல கழிக்கப்படும்.' அவ்வளவுதான். இந்த 30, 40 என்பதெல்லாம் அலுவலகம் ஈட்டும் தரகுத் தொகையில் ஊழியரின் பங்கு.

இந்த மாதிரி வழக்குகளில் சதவீதத்தைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. 30 என்றால் 30தான். அது எப்போது, எந்தத் தொகையின் மேல், யாருக்குச் சேரும் என்பதில்தான் எல்லாச் சண்டையும். இந்த நாலு வரியில் அந்த மூன்றுக்குமே தெளிவான பதில் இல்லை.

நோட்டீஸின் முதல் கோரிக்கை ஒரு வீடு பற்றியது. 80 லட்சம் ரூபாய்க்கு விலை பேசிய வீடு. விற்பவரைக் கண்டுபிடித்ததும், வாங்கும் பார்ட்டியை அழைத்துப்போய்க் காட்டியதும், டோக்கன் வாங்கி கிரய அக்ரிமெண்ட் வரை கொண்டுவந்ததும் அந்தப் பையன்தான். அதன் பிறகு வேலையை விட்டுவிட்டான். வங்கிக் கடன் வந்து சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் முடிந்தபோது அவன் இல்லை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு சதவீதமாக அலுவலகத்துக்கு 1,60,000 ரூபாய் வந்தது. அதில் 30 சதவீதம், 48,000 ரூபாய் கேட்டான்.

'பத்திரம் முடிஞ்சதும் கமிஷன்' என்று எழுதியிருக்கிறதே, பத்திரத்தன்று அவன் ஆளே இல்லையே என்பது முதலாளியின் வாதம். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, ஒப்படைத்த காரியம் முடிந்த பிறகே முகவருக்கு ஊதியம் சேரும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 219-ஆம் பிரிவு சொல்கிறது. அதை வைத்துக் கொஞ்ச தூரம் வாதாடலாம். ஆனால் வாட்ஸ்அப் வரி, பணம் எப்போது கைக்கு வரும் என்பதைத்தான் சொல்கிறது. அன்றைக்கு வேலையில் இருந்தால்தான் கிடைக்கும் என்று எங்கேயும் சொல்லவில்லை. இரண்டு அர்த்தம் தரும் வாசகத்தை எழுதியவருக்கு எதிராகத்தான் நீதிமன்றம் படிக்கும். எழுதியவர் என் கட்சிக்காரர்.

இரண்டாவது கோரிக்கைதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. கடைசிக் காலாண்டில் அந்தப் பையன் அலுவலகத்துக்குக் கொண்டுவந்த தரகு 5,20,000 ரூபாய். முதலாளி முதல் 5 லட்சத்துக்கு 30 சதவீதமும், மிச்ச 20,000-க்கு மட்டும் 40 சதவீதமும் போட்டு 1,58,000 கொடுத்திருந்தார். '5 லட்சத்துக்கு மேல போனா 40' என்றால் மொத்தத்துக்கும் 40, ஆகவே 2,08,000 வர வேண்டும் என்றான் அவன். வித்தியாசம் 50,000.

முதலாளி சொன்ன கணக்குதான் நியாயமாகத் தெரியும். மொத்தத்துக்கும் என்று வைத்தால், சரியாக 5 லட்சம் கொண்டுவந்தவருக்கு ஒன்றரை லட்சம். இன்னும் 20,000 கூடுதலாகக் கொண்டுவந்தவருக்கு 58,000 கூடுதல். அலுவலகம் 20,000 வாங்கிக்கொண்டு 58,000 கொடுக்கிறது. எந்த முதலாளி தெரிந்து இதற்குச் சம்மதிப்பார்?

சம்மதித்திருந்தார். கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினேன். அதற்கு முந்தைய வருஷம் ஒரு காலாண்டில் சீனியர் ஊழியர் ஒருவருக்கு 5,60,000-க்கு 2,24,000 கொடுத்திருந்தது. அப்படியே 40 சதவீதம். "அப்ப வேலை ஜாஸ்திங்க, கணக்குப் புள்ள போட்டுக் கொடுத்ததுல கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார். ஒருவருக்கு ஒரு மாதிரி கொடுத்துப் பழகிய பிறகு அடுத்தவருக்கு அந்த வரிக்கு வேறு அர்த்தம் சொல்வது கஷ்டம்.

அதே பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. சீனியரின் பட்டியலில் கடைசியாக 90,000 ரூபாய்த் தரகு ஒன்று. பெயர்க் கட்டத்தில் முதலில் எழுதியிருந்த பெயரை நீலப் பேனாவால் அடித்து, மேலே சீனியர் பெயரைக் கருப்பு மையில் எழுதியிருந்தது. அடிபட்டது புதிதாகச் சேர்ந்த பெண்ணின் பெயர். அது இல்லாமல் சீனியரின் கணக்கு 4,70,000. இருவரும் தனித்தனியாக வாங்கியிருந்தால் 1,41,000-மும் 27,000-மும் சேர்த்து 1,68,000 ஆகும். ஒரே பெயரில் போட்டதால் 2,24,000. நடுவில் முளைத்த 56,000-ஐ அவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்களா என்பது எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. முதலாளி மட்டும் அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. வரம்பைத் தாண்டினால் மொத்தத்துக்கும் விகிதம் உயரும் என்று வைத்தால், விற்பனையை ஒரே பெயரில் குவிப்பதும், பத்திரத் தேதியை அடுத்த காலாண்டுக்குத் தள்ளுவதும் எந்த அலுவலகத்திலும் நடக்கும்.

மூன்றாவது விஷயம் எங்கள் பக்கத்து எதிர்க் கணக்கு. மூன்று மாத முன்பணம் 45,000 இன்னும் கழியவில்லை, அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார் முதலாளி. வாட்ஸ்அப் வரியும் அவருக்குச் சாதகமாகத்தான் இருந்தது. ஆனால் நோட்டீஸோடு வந்த நகல்களில் ஒன்று, அந்தப் பையன் பைக் கடன் வாங்குவதற்காக அலுவலகமே கொடுத்த சம்பளச் சான்று. 'மாதச் சம்பளம் ரூ.15,000' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டது. வங்கிப் பரிமாற்றத்திலும் ஒவ்வொரு மாதமும் சம்பளம் என்றே குறிப்பு. கொடுத்த சம்பளத்தைத் திருப்பிப் பிடிக்க முடியாது.

"அப்ப அவன் நம்ம ஸ்டாஃபே இல்ல, கமிஷன் ஏஜெண்ட்னு சொல்லிடலாங்களா? டிடிஎஸ் கூட கமிஷன்னுதானே பிடிச்சிருக்கோம்?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். கமிஷன் தொகையில் வருமானவரிச் சட்டத்தின் 194எச் பிரிவின்படி 5 சதவீதம் பிடித்திருந்தார்கள். அது ஊழியருக்கான பிரிவு அல்ல. ஆனால் அந்தக் கதவைத் திறந்தால் வேறொன்று உள்ளே வரும். அவன் தனி முகவர் என்றால், பில்டரின் அடுக்குமாடிகளை அவன் எந்தப் பதிவோடு விற்றான்? 2016-ஆம் வருஷத்து ரெரா சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, பதிவான திட்டத்தில் வீடு விற்றுத்தரும் முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். மீறினால் 62-ஆம் பிரிவின் கீழ் நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை ஏறலாம். பதிவு இருந்தது அலுவலகத்துக்கு மட்டும். 45,000-ஐக் காப்பாற்ற அந்த வாதத்தை எடுக்க வேண்டாம் என்றேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் எனக்குத் தெரிந்தவர். வழக்குப் போடாமலே என் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசினோம். வீட்டுக் கணக்கில் அக்ரிமெண்டுக்குப் பிறகான வேலை முழுவதையும் வேறொருவர் செய்திருந்தார். வில்லங்கச் சான்று எடுத்தது, வங்கிக்கு அலைந்தது, பத்திர எழுத்தரிடம் வரைவு சரிபார்த்தது எல்லாம் அவர்தான். அதற்காக 8,000 விட்டுக்கொடுத்து 40,000-க்குப் பையன் சம்மதித்தான். 50,000-ஐ முழுசாகக் கொடுத்தோம். முன்பணத்தை மறந்தோம். ஆக 90,000.

அதோடு என் வேலை முடிந்திருக்க வேண்டும். புது விதிகளை எழுதித் தரச் சொல்லி முதலாளி மறுபடி வந்தார். விட்டுப் போகிறவர் இரண்டு வருஷம் கோவையில் இந்தத் தொழிலே செய்யக்கூடாது என்று முதல் வரியாகப் போடச் சொன்னார். ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் அது செல்லாது, காகிதம் வீண் என்றேன்.

புது அமைப்புக்கு ஆதாரமாக நான் எடுத்துக்கொண்டது அந்த 8,000 ரூபாய்தான். பங்கை ஆளுக்கு என்று வைக்காமல் வேலைக்கு என்று பிரித்தோம். விற்பவரைக் கொண்டுவந்தவருக்கு 10 சதவீதம், வாங்குபவரைக் கொண்டுவந்து அக்ரிமெண்ட் போட வைத்தவருக்கு 15, அங்கிருந்து பத்திரம் வரை நடத்துபவருக்கு 10. ஒரே ஆள் மூன்றையும் செய்தால் 35. அந்த 80 லட்ச வீட்டையே இதில் போட்டுப் பார்த்தோம். விட்டுப் போன பையனுக்கு 16,000-மும் 24,000-மும், முடித்துக் கொடுத்தவருக்கு 16,000. ஒருவர் நடுவில் விலகினால் அவர் முடித்த கட்டங்களின் பங்கு அவருக்கே, பணம் வரும்போது. கடைசி நாளன்று நிலுவையில் உள்ள பார்ட்டிகளின் பட்டியலில் விலகுபவரும் முதலாளியும் கையெழுத்திட வேண்டும். டோக்கன் கூட வாங்காத பார்ட்டி அலுவலகத்தைச் சேரும்.

சதவீதம் எதன்மேல் என்பதையும் எழுதினோம்: அலுவலகத்தின் கைக்கு உண்மையில் வந்த தொகையிலிருந்து 18 சதவீத ஜிஎஸ்டியையும் வெளித் தரகருக்குக் கொடுத்ததையும் கழித்து வருவது. பில்டர்கள் தரகைத் தர மாதக்கணக்கில் இழுப்பார்கள் என்பதால் 'வந்த தொகை' என்ற சொல் முக்கியம். வருஷத்தில் 20 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் 5 சதவீதம் கூடுதல். காலாண்டு வரம்பை எடுத்துவிட்டோம். மாதாமாதம் தருவது சம்பளம். அது கமிஷனில் கழியாது. பேரம் முறிந்து அலுவலகம் தரகைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால், அவரவர் பங்கு அடுத்த கமிஷன்களில் மட்டும் கழியும், சம்பளத்தில் கை வைக்கக்கூடாது.

கையெழுத்திட நால்வரும் வந்தபோது அந்தப் புதிய பெண் ஒரு சந்தேகம் கேட்டார். "பத்திரம் முடிஞ்சதும் பார்ட்டி ஒரு பர்சென்ட்ல பாதிதான் தருவேன்னு ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்லயே நிப்பாங்க சார். சில சமயம் அவங்க ஓனருக்குச் சொந்தக்காரங்களா இருப்பாங்க, ஓனரே உட்டுக் குடுத்துருவாரு. அப்ப எங்க பங்கும் குறையுமா?"

முதலாளி சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அச்சடித்த தாளின் ஓரத்தில் பேனாவால் ஒரு வரி சேர்த்தேன்: பார்ட்டி குறைத்துத் தந்தால் வந்த தொகையில் பங்கு; உரிமையாளர் தானாக விட்டுக்கொடுத்தால் பேசிய முழுத் தொகையில் பங்கு. ஐந்து பேரும் அந்த ஓரத்தில் தனியாக ஒரு கையெழுத்துப் போட்டார்கள்.