விடைபெற்ற நாளில் சொன்ன கணக்கு

2010-ல் புதுச்சேரி அரசுப் பணியிலிருந்து நான் ஓய்வு பெற்ற அன்று, மாலை போட்டுப் பேசச் சொன்னார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். மேடைத் தமிழ் எனக்கு வராது. கணக்கு வரும்.

என் பணிப் பதிவேட்டில் விட்டுப்போன ஒரு விடுப்புப் பதிவைத் தேடிச் சேர்த்த சக எழுத்தருக்கு முதலில் நன்றி சொன்னேன். அது இல்லாவிட்டால் பென்ஷன் ஆணை தாமதமாகியிருக்கும்.

பிறகு இளையவர்கள் கேட்டதற்கு வந்தேன்: "ஏன் சார் முழுசா கம்யூட்டேஷன் பண்ணீங்க?"

என் பென்ஷன் 9,000 ரூபாய். அதில் 40 சதவீதம், அதாவது 3,600-ஐ விட்டுக்கொடுத்தால், 12-ஆலும் 8.194-ஆலும் பெருக்கி சுமார் 3,54,000 ரூபாய் மொத்தமாகக் கிடைக்கும். பதினைந்து வருஷம் மாதம் 3,600 பிடிப்பார்கள், கூட்டினால் 6,48,000.

"மகள் கல்யாணக் கடனுக்கு நூற்றுக்கு இரண்டு வட்டி கட்டுகிறேன். அதை அடைக்கத்தான் வாங்கினேன். கடன் இல்லாதவர்கள் யோசித்துச் செய்யுங்கள். அகவிலைப்படி முழுப் பென்ஷனுக்கும் உண்டு. நான் போனால் மனைவியின் குடும்பப் பென்ஷனில் இதற்காகப் பிடித்தம் கிடையாது. 2004 ஜனவரிக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு."

கடைசி வாக்கியத்துக்குப் பின் இரண்டு இளைஞர்கள் தலைகுனிந்தார்கள். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

பதினைந்து வருஷம் முடிந்து, 2025-ல் அந்த 3,600 திரும்பி வந்தது. இப்போது அது எங்கள் இருவரின் மாத்திரைக்குப் போகிறது.