படத்தில் வந்த டெண்டர் அறிவிப்பும் ஒரு பக்கப் பட்டியலும்

அலுவலக ஆவணங்களின் மொழி என் ஆய்வுப் பொருள். ஆகவே நண்பர்கள் அவ்வப்போது ஏதேனும் ஒரு தாளை அனுப்பிப் பொருள் கேட்பது வழக்கம். பெங்களூரில் என் தெருவில் வசிக்கும் வண்ணப்பூச்சு ஒப்பந்ததாரர் ஒருவர் சென்ற ஆண்டு அனுப்பிய ஒரு படத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன். திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பு வந்தவர் அவர். எட்டுப் பேரை வைத்து வேலை செய்கிறார். தமிழ் வாசிப்பார், கன்னடம் சரளமாகப் பேசுவார், ஆங்கிலத்தில் எண்களை மட்டும் படிப்பார். அறக்கட்டளை ஒன்று நடத்தும் கல்லூரியின் அறிவிப்புப் பலகையைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து கைப்பேசியில் படம்பிடித்து, "தம்பி, இதுல நமக்கு வேலை இருக்கான்னு பாருங்க" என்று ஒரு செவ்வாய் இரவு அனுப்பியிருந்தார். தேதி 9.

அரசுத் துறைகளின் ஒப்பந்தப்புள்ளிகள் பெரும்பாலும் இணையத்துக்குச் சென்றுவிட்டன. ஆனால் அறக்கட்டளைகள், கூட்டுறவுச் சங்கங்கள், குடியிருப்போர் சங்கங்கள் பலவற்றில் மூடி முத்திரையிட்ட உறையே இன்றும் வழக்கிலிருக்கிறது. அவற்றின் அறிவிப்புகள் அரசுத் துறைகளின் வாசகங்களை அப்படியே எடுத்தாள்வன. அந்த வாசகங்களின் வரிசை அலுவலகத்தின் வரிசை: யார் அழைக்கிறார், எந்தப் பணி, என்ன மதிப்பு, எந்த விதி, நிராகரிக்கும் உரிமை யாருக்கு. ஒப்பந்ததாரருக்கு வேண்டிய வரிசையோ வேறு. எந்தத் தாளை எடுப்பதற்கு அதிக நாளாகும், எந்த நாளில் வங்கி மூடியிருக்கும், எந்த உறையை முதலில் ஒட்டுவது என்பவையே அவருக்குத் தேவை. ஆகவே இது மொழிபெயர்ப்பு வேலை அன்று. பெயர்ச்சொற்களால் கட்டப்பட்ட ஒரு தாளை வினைச்சொற்களால் திருப்பிக் கட்டும் வேலை.

முதலில் படத்தையே படிக்க வேண்டியிருந்தது. அறிவிப்பின் நடுவில் ஒரு மடிப்பு. அது மதிப்பீட்டுத் தொகையின் மேல் விழுந்திருந்தது. 12.40 லட்சமா, 12.10 லட்சமா என்று சொல்ல முடியவில்லை. படத்தைப் பெரிதாக்கியும் பயனில்லை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் எழுத்தின் ஓரங்கள் முன்பே கரைந்திருந்தன. (இத்தகைய படங்களைக் கோப்பாக, அதாவது 'டாக்குமெண்ட்' என்ற வழியில், அனுப்பச் சொன்னால் சுருங்காமல் வரும்.) ஆனால் இரண்டு வரி கீழே முன்வைப்புத் தொகை மதிப்பீட்டில் 2 விழுக்காடு என்றும், 24,800 ரூபாய் என்றும், அடுத்து அதே தொகை எழுத்தாலும் தரப்பட்டிருந்தது. 12.10 லட்சத்துக்கு 2 விழுக்காடு 24,200, 12.40 லட்சத்துக்குத்தான் 24,800. மங்கிய எண்ணை அதே தாளின் வேறொரு வரி மீட்டுக்கொடுத்தது. இத்தகைய அறிவிப்புகளில் பணம் எண்ணாலும் எழுத்தாலும் விழுக்காட்டாலும் திரும்பத் திரும்ப வருவது வாசிப்புக்கு அலுப்பூட்டலாம். கெட்டுப்போன படத்தைப் படிப்பவனுக்கு அதுவே துணை.

அந்த ஒற்றை எண் ஏன் முக்கியம் என்பது தகுதிப் பிரிவுக்கு வந்தபோது தெரிந்தது. கடந்த ஏழு ஆண்டுகளில் முடித்த ஒத்த வகைப் பணிகளில், மதிப்பீட்டின் 40 விழுக்காட்டுக்குக் குறையாத மூன்று, அல்லது 60 விழுக்காட்டுக்குக் குறையாத இரண்டு, அல்லது 80 விழுக்காட்டுக்குக் குறையாத ஒன்று இருக்க வேண்டும். மத்தியப் பொதுப்பணித் துறை அறிவிப்புகளைப் படித்தவர்களுக்குப் பழக்கமான வாய்பாடு இது. விழுக்காட்டை ஒப்பந்ததாரரிடம் சொல்லிப் பயனில்லை. ரூபாயாக மாற்ற வேண்டும். மூன்று பணி என்றால் ஒவ்வொன்றும் 4,96,000. இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 7,44,000. ஒன்று என்றால் 9,92,000. இந்த 'ஒவ்வொன்றும்' என்ற சொல்தான் அதிகம் தவறவிடப்படுவது. மூன்றையும் கூட்டினால் போதும் என்று நினைத்து விண்ணப்பிப்பவர்கள் பலர்.

அவரிடம் மூன்று பணிகள் இருந்தன. ஓர் அடுக்ககம் 5,20,000. ஒரு பள்ளி 6,10,000. ஒரு மாணவர் விடுதி 4,90,000. மதிப்பீடு 12.10 லட்சமாக இருந்திருந்தால் தேவை 4,84,000 மட்டுமே; மூன்றும் தேறியிருக்கும். 12.40 லட்சம் என்றானதும் விடுதிப் பணி ஆறாயிரம் ரூபாயில் விழுந்தது. 60, 80 விழுக்காட்டுப் பணிகளோ அவரிடம் இல்லை. "அப்ப விட்டுடலாமா?" என்றார். 4,90,000 என்பது எந்தத் தாளில் உள்ள தொகை என்று கேட்டேன். பணி ஆணையில் உள்ளது. பிறகு சுற்றுச்சுவரும் சேர்க்கப்பட்டு இறுதிப் பட்டியல் 5,12,000 ஆனதாம். அறிவிப்பு கேட்பது முடித்த பணியின் மதிப்பு; ஆணையின் மதிப்பை அன்று. ஆனால் அதைச் சொல்ல ஒரு சான்றிதழ் வேண்டும், அதில் முடிந்த தேதியும் இறுதித் தொகையும் இருக்க வேண்டும். "நல்ல முறையில் செய்து முடித்தார்" என்று பாராட்டும் கடிதம் உதவாது. தனியாருக்குச் செய்த பணி என்றால் வரிப் பிடித்தம் செய்ததற்கான சான்றும் இணைக்கும்படி அறிவிப்பு கேட்டது, அது 26ஏ.எஸ். படிவத்தில் கிடைத்துவிடும். ஆகவே பட்டியலின் முதல் வரி பணம் பற்றியதாக இல்லை: 'நாளையே விடுதி உரிமையாளரைப் பார்க்கவும்' என்பதே.

அடுத்தது தேதிகள். அறிவிப்பில் மூன்று: விண்ணப்பப் படிவ விற்பனை 12ஆம் தேதி மாலை 4 மணி வரை, உறை சேர வேண்டியது 19ஆம் தேதி பிற்பகல் 3 மணி, திறப்பது அன்றே 3.30 மணி. தடித்த எழுத்தில் 19 மட்டுமே இருந்தது. அதை மட்டும் மனத்தில் கொண்டவர் 15ஆம் தேதி நிதானமாகப் போய் நின்றால் படிவமே கிடைக்காது. படிவம் வாங்கும் நாள் முடிந்தபின் உறை சேர்க்கும் நாளுக்குப் பொருளில்லை. மேலும் 13ஆம் தேதி இரண்டாம் சனிக்கிழமை, வங்கி இல்லை, மறுநாள் ஞாயிறு. வரைவோலை எடுக்க எஞ்சியவை திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாட்கள். வெள்ளி காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று பெங்களூர்ப் போக்குவரத்தை அறிந்த எவரும் எண்ணமாட்டார்கள்.

வரைவோலையிலும் சிக்கல் இருந்தது. முன்வைப்புத் தொகை 24,800. படிவக் கட்டணம் 500, வரி 18 விழுக்காடு சேர்த்து 590. முதலாவது திரும்பி வரும், இரண்டாவது வராது. எனவே அறிவிப்பு இரண்டுக்கும் தனித்தனி வரைவோலை கேட்டது. அதுவும் அட்டவணை வங்கி ஒன்றிலிருந்து. அவர் கணக்கோ ஒரு சிறு கூட்டுறவுக் கடன் சங்கத்தில். மனைவியின் வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கலாமா என்றார். 2018 முதல் வாங்குபவரின் பெயரும் வரைவோலையின் முகப்பில் அச்சாகிறது. டெண்டர் ஒரு பெயரிலும் வரைவோலை வேறொரு பெயரிலும் இருந்தால் கேள்வி எழும். நல்லவேளையாக அவர் பெயரில் பழைய வங்கிக் கணக்கு ஒன்று உறங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்ப ஒரு நாள் ஆயிற்று.

'உத்யம்' பதிவு இருப்பதால் முன்வைப்புத் தொகையே வேண்டாம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். சிறு நிறுவனங்களுக்கான 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கை மத்திய அரசின் துறைகளையும் பொதுத்துறை நிறுவனங்களையும் கட்டுப்படுத்துவது. அது பேசுவது பொருள், சேவை ஆகியவற்றின் கொள்முதலை. இங்கே அழைப்பது ஓர் அறக்கட்டளை, அழைப்பது கட்டடப் பணிக்கு. விலக்குப் பற்றி அறிவிப்பில் ஒரு சொல்லும் இல்லை. விலக்கு உண்டு என்று தாள் சொல்லாதவரை கட்டுவதே முறை.

ஆனால் வரைவோலை யார் பெயரில் என்பது படத்தில் இல்லை. வலது ஓரத்தில் 'செயலாளர்' என்ற சொல்லோடு படம் முடிந்துவிட்டது. அறக்கட்டளையின் பெயரிலா, கல்லூரியின் பெயரிலா? ஊகிப்பது எளிது; கல்லூரியின் பெயர் தாளின் தலையிலேயே இருக்கிறது. நான் ஊகிக்கவில்லை. பட்டியலில் அந்த இடத்தை வெற்றாக விட்டு, 'படத்தில் இல்லை. படிவம் வாங்கும்போது எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதவும்' என்று குறித்தேன். படத்திலிருந்து எடுக்கும் பட்டியலில் தெளிவாகப் படித்தது, கணக்கிட்டுத் தேறியது, படத்தில் இல்லாதது என்ற மூன்று நிலைகளும் கண்ணுக்குப் பிரிந்து தெரிய வேண்டும். எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தால் அவர் எதையும் கேட்காமல் வங்கிக்குப் போய்விடுவார்.

உறைகளைப் பற்றிய பகுதி ஒரே வாக்கியம்; ஐந்து வரி நீளம். மூன்று உறைகள். 'ஏ' உறையில் இரு வரைவோலைகளும் தகுதிச் சான்றுகளும். 'பி' உறையில் விலைப்பட்டியல் மட்டும். இரண்டும் தனித்தனியே முத்திரையிடப்பட்டு மூன்றாவது பெரிய உறைக்குள். 'ஏ' உறையில் எங்கேனும் விலை தெரிந்தால் தள்ளுபடி. இதை அவருக்கு எழுதும்போது, செய்யும் வரிசையில் உள்ளிருந்து வெளியே போக வேண்டியிருந்தது. பட்டியலின் அந்தப் பகுதியை அப்படியே தருகிறேன்:

– விலைத்தாளில் ஒவ்வொரு தொகையும் எண்ணிலும் எழுத்திலும். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து, முத்திரை.
– விலைத்தாள் மட்டும் 'பி' கவரில். உடனே ஒட்டி, அரக்கு வைக்கவும். பிறகுதான் மற்ற தாள்களைத் தொடவும்.
– 'ஏ' கவர்: டி.டி. இரண்டு, மூன்று சான்றிதழ், 26ஏ.எஸ்., பான், ஜி.எஸ்.டி. நகல். விலை எழுதிய துண்டுச்சீட்டுகூட உள்ளே இருக்கக் கூடாது. ஒட்டி, அரக்கு.
– இரண்டும் பெரிய கவரில். மேலே பணியின் பெயர், டெண்டர் எண், 19ஆம் தேதி 3 மணி, நம் பெயர், முகவரி.
– பெட்டியில் நாமே போடவும். தபால், கூரியர் வேண்டாம். தாமதத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை.

'பிறகுதான் மற்ற தாள்களைத் தொடவும்' என்ற வரி அறிவிப்பில் இல்லை, நான் சேர்த்தது. விலைத்தாளின் நகல் ஒன்று சான்றுகளோடு ஒட்டிக்கொண்டு 'ஏ' உறைக்குள் போய்விடுவது நடக்கக்கூடியது. மேசையில் விலை இல்லாதபோது அது நடக்காது.

12ஆம் தேதி படிவம் வாங்கியபோது வரைவோலை அறக்கட்டளையின் பெயரில் என்று தெரிந்தது. விடுதி உரிமையாளர் இருமுறை அலையவைத்து, 17ஆம் தேதி சான்றிதழ் கொடுத்தார். 19ஆம் தேதி பெட்டியில் ஆறு உறைகள். திறக்கும்போது அவரும் இருந்தார். இரண்டு 'ஏ' உறைகளோடு நின்றுபோயின: ஒன்றில் கட்டண வரைவோலை இல்லை, மற்றொன்றில் பணி ஆணைகள் மட்டுமே இருந்தன, நிறைவுச் சான்றுகள் இல்லை. மறுவாரம் விலை உறைகள் திறந்தபோது இவர் இரண்டாவது. 24,800 ரூபாய் வரைவோலை ஒன்றரை மாதத்துக்குப் பிறகு திரும்பி வந்தது.